உப ஒப்பந்தக்காரர் முன்தகைமைக் குறிப்பு: எந்த வேலைக்கு என்று கேட்டுவிட்டுப் புள்ளி போடுங்கள்

வேலையைக் கொடுக்கும் முன்னர் ஒருவரின் தகுதியைப் பார்த்து நான் எழுதிய முதலாவது முன்தகைமை மதிப்பீட்டுக் குறிப்பில் ஓர் உப ஒப்பந்தக்காரருக்கு 100க்கு 82 புள்ளி போட்டிருந்தேன். அட்டவணை அழகாக இருந்தது. அனுபவக் கடிதங்கள், பதிவுச் சான்றிதழ், வங்கிக் கடிதம் என்று எல்லாம் இணைத்திருந்தேன். வேலை தொடங்கி மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய ஆட்கள் தளத்துக்கு வரவில்லை. இரண்டு கிழமைச் சம்பளம் அவர்களுக்கு நிலுவையில் இருந்தது. பாதி கம்பி கட்டிய தட்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தது. வேறு ஆட்களைப் பிடித்து வேலையைத் திரும்பத் தொடங்க ஐந்து கிழமை சென்றது.

பின்னர் அந்தக் கோப்பை எடுத்து வரி வரியாகப் படித்தேன். நான் போட்ட புள்ளிகளில் பொய் எதுவும் இல்லை. அவர் நல்ல வேலைக்காரர். ஆனால் எந்த அளவு வேலைக்கு, எந்த மாதத்தில், எந்தக் கொடுப்பனவு முறையில் அவர் நல்லவர் என்று நான் எங்கேயும் கேட்டிருக்கவில்லை. ஆளுக்குப் புள்ளி போட்டிருந்தேன், வேலைக்குப் போடவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிரதான ஒப்பந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகவோ கணிய அளவையாளராகவோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுபவம், கொள்ளளவு, பாதுகாப்பு, நிதி நிலை என்ற நான்கு தலைப்புகளிலும் எப்படிப் பார்ப்பது, எப்படிப் புள்ளி போடுவது, கடைசியில் எப்படி எழுதுவது என்பதை ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

உதாரணம் இது. திருநெல்வேலியில் மாணவர் தங்குவதற்காக ஏ, பி என்று இரண்டு கட்டடங்கள். ஒவ்வொரு மாடித் தட்டும் 240 சதுர மீற்றர். கம்பி கட்டு, பலகையடிப்பு, கொங்கிறீற் வார்ப்பு, கல் கட்டு ஆகியவற்றை உப ஒப்பந்தமாகக் கொடுக்கிறோம். சீமெந்து, கம்பி, கல் எல்லாம் நாம் கொடுப்போம். ஆட்களும் பலகையும் முட்டும் அவருடையவை. இரண்டுக்கும் சேர்த்து 240 இலட்சம் ரூபாய், எட்டு மாதம், தொடக்கம் ஆடி மாதம். விண்ணப்பித்தவர் சுன்னாகம் பக்கத்தில் பத்து வருடத்துக்கு மேலாக இயங்கும் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர்.

உறையைப் பிரிக்கும் முன்னர்

புள்ளித் திட்டத்தை விண்ணப்பம் கைக்கு வருவதற்கு முன்னரே எழுதி, மேலாளரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்தைப் பார்த்த பிறகு எழுதினால், நமக்குப் பிடித்தவருக்கு ஏற்றாற்போல் நிறை மாறிவிடும். நாம் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் நடக்கிறது.

இந்த வேலைக்கு நாங்கள் அனுபவத்துக்கு 30, கொள்ளளவுக்கு 30, பாதுகாப்புக்கு 20, நிதிக்கு 20 என்று பிரித்தோம். மொத்தத்தில் 60 எடுக்க வேண்டும். அத்துடன் ஒவ்வொரு தலைப்பிலும் தனித்தனியாக 60 வீதம் எடுக்க வேண்டும், அதாவது 18, 18, 12, 12. இந்த இரண்டாவது விதிதான் முக்கியமானது. அது இல்லாவிட்டால் சிறந்த அனுபவம் வெறும் பணப்பையை மூடி மறைத்துவிடும். என் முதல் குறிப்பில் நடந்தது அதுதான்.

ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன பொருள் என்பதையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பாதுகாப்புக்கு நாங்கள் எழுதியது இப்படி இருந்தது: பதிவு எதுவும் இல்லை, தளத்திலும் ஒழுங்கு இல்லை என்றால் 4, தளம் ஒழுங்கு, பதிவு இல்லை என்றால் 8, பதிவு இருக்கிறது, விபத்துக்குப் பிறகு ஏதாவது மாற்றியதற்குச் சான்றும் இருக்கிறது என்றால் 14, பொறுப்பான ஆள், பயிற்சி, கிழமைப் பரிசோதனை எல்லாம் இருந்தால் 18. இப்படி எழுதியிருந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளி போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. கட்டாயம் இரண்டு பேர் போடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காமல், எந்தச் சான்றை இருவரும் வேறு விதமாகப் படித்தீர்கள் என்று பேசுங்கள்.

அனுபவம்: கடிதத்தில் இருப்பவர் இப்போதும் இருக்கிறாரா

நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருந்தால் அதன் தரம், எந்த வகை வேலைக்கு, எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்று பாருங்கள். பழைய ஆட்கள் இன்னும் இக்டாட் என்றுதான் சொல்வார்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகுதான் இப்போதைய பெயர் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்து உப ஒப்பந்தக்காரர்கள் பலரிடம் வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும்தான் இருக்கும். நம் நிபந்தனை அனுமதித்தால் அதற்காக ஒருவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பதிவுத் தரம் ஒரு நுழைவுச் சீட்டு. தட்டு மட்டமாக வருமா என்பதை அது சொல்லாது.

நம்மவர் ஐந்து நிறைவுக் கடிதங்கள் தந்திருந்தார். நான் மூன்றைத் தெரிவுசெய்து, அந்தந்த வேலையில் இருந்த பொறியியலாளர்களுடன் தொலைபேசியில் பேசினேன். "நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். அதனால் மூன்று கேள்விகளை மட்டும் கேட்பேன். கடைசித் தட்டு திட்டமிட்ட நாளுக்கு எத்தனை நாள் பிந்தி வார்க்கப்பட்டது? எதையாவது உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டி வந்ததா? அந்த வேலையில் அவருடைய தலைமை மேசனாக இருந்தது யார்?

மூன்றாவது கேள்வி பலருக்கு விசித்திரமாகப் படும். உண்மையில் அனுபவம் நிறுவனத்தின் பெயரில் இருப்பதில்லை. பலகையடிப்பைப் பார்க்கும் தச்சரிடமும் வார்ப்பு நாளில் முன்னால் நிற்கும் மேசனிடமும் இருக்கிறது. அவர்கள் பிரிந்து போயிருந்தால் அந்த ஐந்து கடிதங்களும் வேறு யாரோ செய்த வேலைக்குச் சான்று. நம்மவரிடம் அந்தத் தலைமை மேசனும் தச்சர்களில் இருவரும் இன்னும் இருந்தார்கள். நேரில் கண்டு பேசினேன்.

பிறகு ஒரு பழைய கட்டடத்துக்குப் போனேன். முன்பக்கத்தைப் பார்க்காமல் பூச்சுப் படாத இடங்களைத் தேடுங்கள்: படிக்கட்டின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் கீழ்த் தட்டு, வாகனம் நிறுத்தும் இடத்தின் கூரை. தூண் தட்டைச் சந்திக்கும் இடத்தில் தேன்கூடு போலக் கற்கள் தெரிந்தால் அதிர்வு கொடுக்கும் கருவியைச் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது பலகை இடுக்கால் சீமெந்துப் பால் ஒழுகியிருக்கிறது. நம்மவருடைய வேலையில் ஒரு தூணடியில் மட்டும் கைப்பிடி அளவு தேன்கூடு இருந்தது, மற்றவை சுத்தம். மூன்று பொறியியலாளர்களில் ஒருவர் 12 நாள் பிந்தியதாகச் சொன்னார். அனுபவத்துக்கு 30க்கு 27 போட்டோம். இந்த 27 இரண்டு கட்டடத்துக்கும் ஒன்றுதான், ஏனென்றால் கைவேலை அளவைப் பார்த்து மாறுவதில்லை.

கொள்ளளவு: இருப்பதை எண்ணாதீர்கள், மீதியை எண்ணுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விண்ணப்பத்தில் 45 தொழிலாளர், 450 இரும்பு முட்டு என்று எழுதியிருந்தது. இரண்டும் பெரும்பாலும் உண்மை. ஆனால் அவருக்குச் சாவகச்சேரியில் புரட்டாதி வரை ஓடும் இன்னொரு வேலை இருந்தது. நம் வேலை ஆடியில் தொடங்குகிறது. அங்கே எத்தனை பேர், எத்தனை முட்டு என்று விண்ணப்பம் கேட்கவேயில்லை. அது அவர் பிழையில்லை, நம் படிவத்தின் பிழை.

முட்டிலிருந்து தொடங்குவோம், எண்ணுவது சுலபம். 1.2 மீற்றருக்கு ஒரு முட்டு என்று இரு திசையிலும் வைத்தால் ஒரு முட்டு 1.44 சதுர மீற்றரைத் தாங்கும். 240 சதுர மீற்றர்த் தட்டுக்கு ஏறக்குறைய 167 முட்டு வேண்டும். இடைவெளியைத் தட்டின் கனத்தையும் பலகைச் சட்டத்தையும் பார்த்துத் தளப் பொறியியலாளர்தான் தீர்மானிப்பார். மதிப்பீட்டுக்கு இந்தக் கணக்குப் போதும். இரண்டாம் தட்டை வார்க்கும்போது அதன் எடையைத் தாங்குவதற்குக் கீழே உள்ள புதிய தட்டிலும் முட்டு நிற்க வேண்டும். அதனால் ஒரு கட்டடத்துக்கே ஒரே நேரத்தில் இரண்டு மாடி முட்டு, 334. இரண்டு கட்டடமும் சேர்ந்து ஓடினால் 668.

சாவகச்சேரித் தளத்தில் போய் எண்ணினேன். அங்கே 140 முட்டு நின்றது. ஆக மீதி 310. ஒரு கட்டடத்துக்கு 24 குறைவு. இரண்டுக்கு 358 குறைவு. முதலாவதை நம் களஞ்சியத்திலிருந்து வாடகைக்குக் கொடுத்து நிரப்பலாம். இரண்டாவதை நிரப்ப முடியாமல் போனால் அவர் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்: கீழ்மாடி முட்டை நாள் ஆகுமுன் கழற்றி மேலே கொண்டுபோவார். தட்டு வளைவதும் வெடிப்பதும் அதன் பிறகு. கொள்ளளவுக் குறைவு இப்படித்தான் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறுகிறது.

ஆட்களுக்கு நான் பயன்படுத்துவது ஊழியர் சேமலாப நிதியின் சி படிவம். முதலாளி மாதந்தோறும் பங்களிப்புச் செலுத்தும்போது தொழிலாளர் பெயர்களைக் காட்டும் படிவம் அது. கடைசி ஆறு மாதப் பிரதிகளைக் கேளுங்கள். நம்மவருடைய படிவங்களில் ஒரு மாதம் 11 பெயர், ஒரு மாதம் 13. எழுதியிருந்தது 45. அவரிடம் கேட்டேன்.

"தம்பி, மற்றவை நாட்கூலி. அவங்களுக்கு அது தேவையில்லைத்தானே?" என்றார்.

"இல்லை அண்ணை, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் தற்காலிகத் தொழிலாளியும் நாட்கூலியும் உள்ளடக்கம். முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தொழிலாளியிடம் 8 வீதம், உங்கள் பங்கு 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3."

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தன் விலையில் அந்த 15 வீதத்தைச் சேர்க்கவில்லை என்று சொன்னார். அந்த ஒரு வரி மதிப்பீட்டுக்கு எவ்வளவு பெறுமதியானது என்று பாருங்கள். குறைந்த விலை எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அதைக் குறிப்பில் எழுதினேன், விலையைத் திருத்தித் தர ஒரு வாய்ப்பும் கொடுத்தோம்.

45 பேரின் பெயர்ப்பட்டியலில் எழுந்தமானமாகப் பத்துப் பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆறு பேர் அவருடன் வேலை செய்வதாகச் சொன்னார்கள். மூன்று பேர் வேறு கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் வெளிநாடு போய் ஒரு வருடம் ஆகிவிட்டதாக அவருடைய தாயார் சொன்னார். பத்துக்கு ஆறு என்றால் 45இல் ஏறக்குறைய 27. சாவகச்சேரியில் பத்துப் பேர் நிற்கிறார்கள். நமக்கு மீதி 17. நம் வேலைத்திட்டத்தின்படி ஒரு கட்டடத்துக்கு 16 பேரும் இரண்டுக்கு 30 பேரும் வேண்டும்.

நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், தை, மாசியில் காலபோக அறுவடை நடக்கும்போதும் கூட்டம் மெலியும். வன்னியில் சொந்த வயல் உள்ளவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வார்ப்பு நாட்கள் கழியும். எட்டு மாதத்தை முழு எட்டு மாதமாக எண்ணும் திட்டம் இங்கே நிற்காது. இரண்டு கட்டடத்துக்கு 30க்கு 15 போட்டோம், ஒரு கட்டடத்துக்கு 21.

பாதுகாப்பு: விபத்தே இல்லை என்பவரிடம் கவனம்

பெரிய நிறுவனங்களின் படிவத்தைப் பிரதி செய்து, வேலை நேரம் பத்து இலட்சத்துக்கு எத்தனை விபத்து என்ற வீதத்தைக் கேட்கும் பழக்கம் இருக்கிறது. சிறு உப ஒப்பந்தக்காரருக்கு அது பொருந்தாது. 40 பேர், நாளுக்கு 8 மணித்தியாலம், மாதம் 25 நாள் வேலை செய்தால் வருடத்துக்கு 96,000 மணித்தியாலம். ஒரு விபத்து நடந்தால் வீதம் 10.4, இரண்டு நடந்தால் 20.8, நடக்காவிட்டால் பூச்சியம். ஒருவர் ஏணியில் சறுக்கியதா இல்லையா என்பதில் இவ்வளவு ஆடும் எண்ணை வைத்து இரண்டு பேரை ஒப்பிட முடியாது.

அதனால் நடந்ததைச் சொல்கிறாரா, நடந்த பிறகு என்ன செய்தார் என்பதைப் பார்க்கிறேன். நம்மவர் தானாகவே ஒரு தாளைக் காட்டினார். சாரப் பலகை வழுக்கி ஒரு தொழிலாளி விழுந்து மணிக்கட்டு முறிந்த சம்பவம். திகதி, நேரம், பலகையைக் கட்டாமல் விட்டது காரணம் என்ற ஒரு வரி, ஆஸ்பத்திரிச் சிட்டையின் பிரதி, அவருக்குக் கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டு, இவ்வளவுதான் இருந்தது. சாவகச்சேரித் தளத்தில் சாரப் பலகைகளைப் போய்ப் பார்த்தேன். இரு முனையிலும் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. இதே வேலைக்கு விண்ணப்பித்த இன்னொருவர் பதினைந்து வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று எழுதியிருந்தார். ஒரு புத்தகமும் அவரிடம் இல்லை. அவருக்கு 8, நம்மவருக்கு 14.

தளத்தைப் பார்க்கக் காலை ஏழரைக்குப் போங்கள். பத்து மணிக்குப் போனால் எல்லோரும் தலைக்கவசம் போட்டிருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது மூன்று இடம். முட்டின் அடியில் பலகைத் துண்டு வைத்திருக்கிறதா, அல்லது வெறும் மண்ணிலா? தட்டின் ஓரத்தில் கயிறோ கம்பியோ அடைத்திருக்கிறதா? கம்பி வெட்டும் இயந்திரத்துக்குப் போகும் மின்சார வயர் தண்ணீரில் கிடக்கிறதா, அதற்கு ட்ரிப் சுவிட்ச் உண்டா? நம்மவர் தளத்தில் முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் வயரின் ஒட்டு வெறும் ரேப்பால் சுற்றியிருந்தது. அதற்காகப் புள்ளி குறைத்து 20க்கு 14இலேயே நிறுத்தினோம், நிபந்தனையாகவும் சேர்த்தோம். வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் காப்புறுதி நம் தளத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் உள்ளடக்கியிருக்கிறதா என்பதைப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள். அட்டையைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள்.

நிதி: அவர் எத்தனை நாள் தாங்க வேண்டும்

வங்கி தரும் "திருப்திகரமான வாடிக்கையாளர்" என்ற கடிதத்துக்கு நான் புள்ளி கொடுப்பதில்லை. கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தக் கடிதம் கிடைக்கும். ஆறு மாதக் கணக்குக் கூற்றைக் கேளுங்கள். தயங்கினால், வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துத் தரச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது மீதித் தொகை மட்டும்.

முதலில் தேவை எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் மாதம் 30 இலட்சம் வேலை. அதில் அவருடைய செலவு 90 வீதம் என்று வைத்தால் 27 இலட்சம். நம் வழமையான முறையில் மாத முடிவில் பட்டியல் தர வேண்டும். அளந்து உறுதிப்படுத்த 14 நாள், பணம் கொடுக்க 28 நாள். முதல் நாள் செய்த வேலைக்கு 72ஆம் நாள்தான் காசு கைக்கு வரும். அதாவது 2.4 மாதச் செலவை, ஏறக்குறைய 65 இலட்சத்தை, அவர் தன் கையிலிருந்து போட வேண்டும்.

அவர் கையில் என்ன இருந்தது? 25 இலட்சம் மேலதிகப் பற்று வசதி. கூற்றில் மிகவும் இறுகிய நாளில் அவர் 19 இலட்சம் எடுத்திருந்தார். எப்போதும் அந்த இறுகிய நாளைத்தான் எடுக்க வேண்டும். சராசரி நாளில் எவரும் முறிவதில்லை. மீதி 6 இலட்சம். நிலையான வைப்பு 15 இலட்சம் இருப்பதாகக் காட்டியிருந்தார். மேலதிகப் பற்றுக்கு அதே வைப்புத்தான் பிணை என்பது வசதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஆகவே அதை எண்ண முடியாது. ஓர் அரச வேலையில் வர வேண்டிய 42 இலட்சம் ஆறு மாதமாக நிற்கிறது. அது அவருடைய பணம்தான், ஆனால் அதைக் கொண்டு இந்தச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க முடியாது.

65க்கு எதிரே 6. நிதிக்கு 20க்கு 6 என்று போட்டோம்.

இங்கே நிறுத்தியிருந்தால் அவரை நிராகரித்திருப்போம், ஒரு நல்ல தலைமை மேசனையும் இழந்திருப்போம். தேவையின் பெரும் பகுதியை உண்டாக்குவது நம் கொடுப்பனவு முறைதான். ஒரு கட்டடம் மட்டும் கொடுத்தால் மாதம் 15 இலட்சம் வேலை, 13.5 இலட்சம் செலவு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளந்து, ஏழு நாளில் பணம் கொடுத்தால் அவர் தாங்க வேண்டியது 21 நாள், அதாவது 9.45 இலட்சம். 120 இலட்சத்தில் 5 வீதத்தை உத்தரவாதப் பத்திரத்துக்கு எதிராக முற்பணமாகக் கொடுத்தால் 6 இலட்சம். அவருடைய 6 சேர்ந்து 12. பொருந்துகிறது.

ரிட்டென்ஷன் என்று எல்லோரும் சொல்லும் தடுத்து வைக்கும் பணத்தை மறக்காதீர்கள். பட்டியலுக்கு 10 வீதம் என்றால் மாதம் 1.5 இலட்சம். அது அவருடைய முழு இலாபம். ஒப்பந்தத் தொகையின் 5 வீதம், அதாவது 6 இலட்சம் சேரும்வரை நான்கு மாதம் அவர் கையில் இலாபம் என்று ஒன்றும் நிற்காது. அதே நான்கு மாதத்தில் முற்பணத்தையும் வெட்டத் தொடங்கினால் சம்பளத்தில் கைவைப்பார். அதனால் முற்பணத்தை ஐந்தாம் மாதத்திலிருந்து மாதம் 1.5 இலட்சமாகக் கழிப்பது என்று எழுதினோம். இந்த முறையில் நிதிக்கு 12, சரியாக எல்லையில்.

இதே கொடுப்பனவு முறையில் இரண்டு கட்டடத்தையும் கொடுக்கலாமே என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. தாங்க வேண்டியது 18.9 இலட்சம், முற்பணம் 12, அவருடைய 6, ஆக 18. பணத்தில் அரும்பொட்டில் தவறுகிறது. ஆனால் 358 முட்டும் 13 ஆட்களும் பணத்தால் ஆடி மாதத்துக்குள் வந்துவிடமாட்டார்கள்.

குறிப்பை எழுதுவது

முதல் பக்கத்தில் முடிவு இருக்க வேண்டும். மேலாளர் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவார் என்று நம்பாதீர்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இது:

> வேலை: திருநெல்வேலி மாணவர் விடுதி, ஏ மற்றும் பி கட்டடங்கள், கட்டமைப்பும் கல் கட்டும்.
> இரண்டு கட்டடத்துக்கும்: அனுபவம் 27, கொள்ளளவு 15, பாதுகாப்பு 14, நிதி 6. மொத்தம் 62. கொள்ளளவும் நிதியும் ஆகக் குறைந்த எல்லைக்குக் கீழ். சிபாரிசு இல்லை.
> ஏ கட்டடத்துக்கு மட்டும், கீழ்க்காணும் நிபந்தனைகளுடன்: 27, 21, 14, 12. மொத்தம் 74. சிபாரிசு செய்யப்படுகிறது.
> நிபந்தனைகள்: இரு கிழமைப் பட்டியல், ஏழு நாள் கொடுப்பனவு, 5 வீத முற்பணம், ஐந்தாம் மாதத்திலிருந்து கழிப்பு, 24 முட்டு நம் களஞ்சியத்திலிருந்து வாடகைக்கு, தளத்தில் நிற்கும் அனைவரின் பெயரும் சி படிவத்தில், வேலை தொடங்கு முன்னர் மின் இணைப்புகளுக்கு ட்ரிப் சுவிட்ச்.
> செல்லுபடி: ஆறு மாதம். தலைமை மேசன் விலகினாலோ புதிய வேலை ஏற்றாலோ மீள்பார்வை.

முதல் வரிசையைப் பாருங்கள். மொத்தம் 62, எல்லை 60. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் அவர் இரண்டு கட்டடத்துக்கும் தெரிவாகியிருப்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: எந்தத் திகதியில் எந்தத் தளத்தில் எண்ணியது, எந்த மாதப் படிவம், யாருடன் பேசியது. "போதுமானது", "நல்லது" என்ற சொற்கள் குறிப்பில் இருந்தால் அடித்துவிட்டு எண்ணையோ பார்த்ததையோ எழுதுங்கள். வங்கிக் கூற்று, தொழிலாளர் பெயர்கள் என்பவற்றைத் தனி உறையில் வையுங்கள். அலுவலகம் முழுவதும் சுற்றும் கோப்பில் மற்றவரின் கடன் விவரம் இருக்கக் கூடாது.

முடிவை அவரிடம் நேரில் சொன்னேன். முதலில் முகம் வாடினார். முட்டுக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது தானே பென்சிலை வாங்கி, சாவகச்சேரி 140ஐக் கழித்துப் பார்த்தார். "பி கட்டடம் மார்கழியில் தொடங்கினால் என்னால் முடியும்" என்றார். அதையும் குறிப்பில் சேர்த்தோம்.

மூன்றாம் மாத மீள்பார்வையில் தளத்தில் 18 பேர் நின்றார்கள். அந்த மாதச் சி படிவத்தில் 14 பெயர் இருந்தது. மற்ற நான்கு பேரின் அடையாள அட்டைப் பிரதிகளை அடுத்த பட்டியலுடன் தருவதாகச் சொன்னார். அதைக் குறிப்பின் அடியில் எழுதி, திகதியிட்டு, இருவரும் கையொப்பம் வைத்தோம்.